மத்தியானம் மட்டும் ஒழுகிய பைப்

போன மே மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் போகும் சாலையில் ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டார். மாங்காய் மண்டி வைத்திருப்பவர். அந்த மாதம் அவரைப் பிடிப்பதே கஷ்டம், அவரே கூப்பிட்டார் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். "தம்பி, காலையில பார்த்தா சுவரு காஞ்சு கிடக்குது. மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு மேல சொட்டுது. ராத்திரி தானா நின்னுடுது. ரெண்டு பேரைக் கூட்டியாந்து காமிச்சாச்சு. ஒருத்தன் டைல்ஸ உடைக்கணும்ங்கிறான்."

பல வருடங்களாக வீட்டுக் கழிவுநீர் பைப் வேலையைத்தான் பார்க்கிறேன். கழிவு பைப் என்பது தண்ணீர் ஊற்றினால்தான் ஒழுக வேண்டும். வீட்டில் ஆள் அதிகம் குளிப்பதும் கழிப்பறை போவதும் காலை நேரத்தில். அப்போது காய்ந்து கிடந்து, ஆள் புழக்கமே இல்லாத மத்தியானத்தில் ஒழுகுகிறது என்றால், காரணம் தண்ணீரில் இல்லை, வெயிலில் இருக்கிறது. போனிலேயே ஒன்று மட்டும் கேட்டேன்: "அண்ணா, பைப் எந்தப் பக்கத்துச் சுவர்ல?" மேற்கு என்றார். சரி, டைல்ஸை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டின் அமைப்பு

தரைத்தளம், அதற்கு மேல் வாடகைக்கு விட்ட ஒரு மாடி. மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் கீழே கழிவுநீர்ச் சேம்பரிலிருந்து மொட்டை மாடி வரை நெட்டாக ஏறும் ஒரே ஸ்டாக், நம் ஆட்கள் 'நாலு இஞ்சு' என்று சொல்லும் 110 மி.மீ. யுபிவிசி பைப். ஐ.எஸ். 13592 முத்திரையோடு, கழிவுக்கான பி வகை, சுவர் கனம் 3.2 மி.மீ. பொருளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எல்லா இணைப்பும் ரப்பர் ரிங் வகை.

கீழிருந்து சொன்னால், தரைத்தளக் கழிப்பறைக்கு ஒரு டீ, அதாவது மூன்று முனை உள்ள இணைப்பு. அதன் மேல் வாயில் ஒரு நீளப் பைப்பின் நுனி இறங்குகிறது. அந்தப் பைப்பின் தலையில் உள்ள அகன்ற வாயான சாக்கெட்டில் மாடிக் கழிப்பறையின் டீ உட்கார்கிறது. மாடி டீக்கு மேலே காற்றுப் பைப், மொட்டை மாடிக்கு மேல் போய் மூடியோடு முடிகிறது. இரண்டு டீயின் கிளைகளும் சுவர் ஓட்டை வழியாக உள்ளே போகின்றன. ஓட்டையைச் சுற்றிக் கலவை வைத்து இறுக்கமாக அடைத்திருந்தார்கள். ஆக, இரண்டு டீயும் நகர முடியாது. நடுவில் இருக்கும் 2.7 மீட்டர் பைப் இரண்டு நகராத புள்ளிகளுக்கு இடையே மாட்டியிருக்கிறது. இந்த வழக்கின் முழு விவகாரமும் அந்த ஒரு பைப்பில்தான்.

முதல் நாள் வேண்டுமென்றே இரண்டு முறை போனேன். காலை ஏழு மணிக்குப் பைப்பின் மேல் லேசர் தெர்மாமீட்டர் 27 டிகிரி காட்டியது. மேலிருந்து கீழே நூல் பிடித்தேன், ஏறக்குறைய நேராக இருந்தது. மத்தியானம் மூன்றரைக்குத் திரும்பிப் போனபோது 59 டிகிரி. அந்தப் பக்கத்துச் சுவரில் பாதி உயரம் வரை கருப்பு கிரானைட் பதித்திருந்தார்கள், நம் ஊரில் கேட்க வேண்டுமா. அந்தக் கல்லும் அடுப்பு மாதிரி சூட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. அதே நூலைப் பிடித்தால் பைப்பின் நடுப்பகுதி சுவரை விட்டு 34 மி.மீ. வெளியே தள்ளியிருந்தது. நடுவில் இருந்த கிளாம்பின் ஒரு ஆணி பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. மாடி டீயின் முகம் லேசாக மேல்நோக்கித் தூக்கியிருந்தது. மாடியில் இருந்த அம்மாவை ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னேன். டீக்கும் பைப் சாக்கெட்டுக்கும் நடுவே, இடது பக்கமாக, ஒரு கோடு மாதிரி தண்ணீர் இறங்கியது.

ஏன் வளைந்தது

யுபிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிச் சூட்டுக்கு, சுமார் 0.07 மி.மீ. நீளும். இரும்போடு ஒப்பிட்டால் ஐந்தாறு மடங்கு. இந்தப் பைப்பை முதலில் போட்டது ஜனவரியில், காலை நேரத்தில். அப்போது பைப் 22 டிகிரி இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மே மாதம் 59. வித்தியாசம் 37 டிகிரி. 2.7 மீட்டர் பைப்புக்குக் கணக்குப் போட்டால் 7 மி.மீ. வருகிறது.

ஏழு மி.மீ. என்பது சுண்டு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் போக இடம் வேண்டுமே. ரிங் இணைப்பின் வேலையே அந்த இடத்தைக் கொடுப்பதுதான். பைப்பின் நுனி சாக்கெட்டின் அடியில் முட்டாமல் 10 மி.மீ. விட்டு நின்றால், சூட்டில் நுனி கீழே இறங்கும், குளிரில் மேலே ஏறும், ரிங் அதன் மேல் வழுக்கிக்கொண்டே தண்ணீரைத் தடுக்கும். ரிங் இணைப்பைப் பலர் பசை போடாத இணைப்பு என்று மட்டும் நினைக்கிறார்கள். அது நகரும் இணைப்பு.

இங்கே நுனி அடியில் முட்டியிருந்தது. கீழே போக இடமில்லாததால் பைப் மேலே தள்ளியது. மாடி டீயைச் சுவரில் பதிந்த கிளை பிடித்துக்கொண்டது. அதனால் டீ சாய்ந்தது, பைப் வயிறு தள்ளியது. சாய்ந்த டீயின் கீழ் முனையில் ஒரு பக்கம் இடைவெளி விழுந்தது. சாயங்காலம் பைப் ஆறியதும் எல்லாம் பழையபடி சேர்ந்துகொண்டது. காலையில் எத்தனை பேர் குளித்தாலும் சொட்டு விழாததற்குக் காரணம் இதுதான்.

வீட்டுக்காரரின் மகன், இன்ஜினியரிங் படிப்பவர், "சொல்யூஷன் போட்டு ஒட்டிடலாமே சார், முடிஞ்சுது இல்ல?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒட்டினால் அந்த 7 மி.மீ. எங்கேயும் போகாது, அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும். அதோடு, ரிங் சாக்கெட்டின் உள்துளை ரிங்குக்கும் பைப்பின் நகர்வுக்கும் என்று கொஞ்சம் தளர்வாக வார்க்கப்பட்டது. சொல்யூஷன் பிடிக்க பைப்பும் சாக்கெட்டும் இறுக்கிக் கவ்வ வேண்டும், அந்தக் கவ்வல் இதில் கிடைக்காது. ஒட்டும் பைப்புக்குச் சாக்கெட்டே வேறு.

பிளம்பர் அண்ணன் சொன்னது

ஜனவரியில் வேலை செய்த பிளம்பரை வரச் சொன்னேன். திட்டுவதற்கு இல்லை. நுனி ஏன் முட்டியது என்று அவர் வாயால் கேட்க வேண்டும். அவர் வந்து பார்த்ததும் முதலில் சொன்னது: "பத்து மி.மீ. விடணும்னு தெரியும் சார். விடாம எல்லாம் போடல. முழுசா இறக்கிட்டு இழுத்தேன், வரல. அப்படியே விட்டுட்டேன்."

அதுதான் எனக்கு வேண்டியிருந்த பதில். லூப்ரிகண்ட் போட்டீர்களா என்று கேட்டேன். கடையில் பைப்பும் ரிங்கும் கொடுத்தார்களாம், லூப்ரிகண்ட் டப்பா இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். தண்ணீர் தொட்டுத் தடவி, மேலே பலகை வைத்துச் சுத்தியலால் இறக்கியிருக்கிறார்.

வாசலில் வைத்தே செய்து பார்த்தோம். ஒரு முழம் துண்டுப் பைப், ஒரு கப்ளர், புது ரிங். அவர் செய்தபடியே தண்ணீர் மட்டும் தொட்டுத் தட்டி இறக்கினோம். இறங்கும்போது ரிங் பைப்பைக் கவ்வி இழுபடுவது கையில் தெரிந்தது, கிறீச் என்று ஒரு சத்தம். அடியில் முட்டியதும் நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். வரவில்லை. காலால் மிதித்து முறுக்கி ஒரு வழியாக உருவியபோது ரிங், தான் உட்காரும் பள்ளமான காடியை விட்டுப் பாதி வெளியே வந்து, ஒரு இடத்தில் சுருண்டிருந்தது. அடுத்து இன்னொரு புது ரிங். நுனியில் சுண்டைக்காய் அளவு லூப்ரிகண்ட் எடுத்து மெல்லிசாகத் தேய்த்து, ரிங்கின் உள் உதட்டிலும் ஒரு சுற்று தடவினேன். நேராகப் பிடித்து லேசாகத் திருகிக்கொண்டே அழுத்தினால் கையாலேயே இறங்கியது. அடியில் முட்டியதும் வாயோரம் பென்சிலால் கோடு போட்டு, திரும்பவும் திருகி இழுத்தேன். ஒரே கையில், கோடு 10 மி.மீ. வெளியே வந்து நின்றது.

அண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லூப்ரிகண்ட் உள்ளே தள்ளுவதற்கு என்று எல்லோரும் நினைக்கிறோம். தள்ள சுத்தியல் இருக்கிறது, அதனால் லூப்ரிகண்ட் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று தோன்றுகிறது. வெளியே இழுக்கத்தான் அது இல்லாமல் முடியாது. உலர்ந்த ரிங்கில் தட்டி இறக்கிய நுனி திரும்பி வராது. விதி தெரிந்தவர் வேலையிலும் இடைவெளி இல்லாமல் போவது இப்படித்தான்.

கழற்றியபோது

வேலைக்கு ஜூன் முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஆரம்பித்தோம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. கணக்குப் போடப் பைப்பின் வெப்பம் ஒரே நிலையில் இருக்க வேண்டும். அன்றைக்கு 26 டிகிரி.

முதலில் மேலே உள்ள காற்றுப் பைப்பின் கிளாம்புகளைக் கழற்றினோம். இழுப்பதற்கு ஆயத்தமாகி இரண்டு கையாலும் பிடித்தால், அது இரண்டு விரலிலேயே கழன்று வந்துவிட்டது. நுனியில் ரிங்கின் தடம் முனையிலிருந்து வெறும் 5 மி.மீ. தள்ளி இருந்தது. அதாவது ரிங்கைத் தாண்டி ஏறக்குறைய ஒன்றுமே இறங்கவில்லை. இதற்கு ஒரு கதை உண்டு. ஏப்ரலில் முதல் தடவை ஒழுகியபோது வேறொருவர் வந்து மாடி டீயைக் கழற்றி மாட்டியிருக்கிறார். காற்றுப் பைப்பின் நுனி உடைந்திருந்ததால் ஆக்சா பிளேடால் நாலு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு, கிளாம்பைப் பழைய ஓட்டையிலேயே திரும்ப அடித்திருக்கிறார். மேலே கிளாம்பு இழுத்துப் பிடித்திருக்க, கீழே நுனி குட்டையாகிவிட்டது. வெட்டிய முனையைச் சீவவும் இல்லை, பிசிறு அப்படியே நின்றது. அந்த இடத்தில் தண்ணீர் வருவதில்லை, அதனால் ஒழுகவில்லை. ஆனால் நாற்றம் வரும். மாடி வீட்டு அம்மா, "ஒன்றரை மாசமா ஜன்னலத் திறக்க முடியல சார், நீங்க எல்லாரும் சொட்டறதப் பத்தியே பேசறீங்க" என்றார். அவர் சொன்னதை அதுவரை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

மாடி டீயை எடுக்க ஒரு வழி சொல்கிறேன், இது பலருக்கும் குழப்பம். டீயை மேலே தூக்க முடியாது, கிளை பிடித்திருக்கிறது. வெளியே இழுக்க முடியாது, கீழ்ப் பைப் பிடித்திருக்கிறது. கீழ்ப் பைப்பின் கிளாம்புகளையும் எடுத்துவிட்டு, டீயோடு சேர்த்துப் பைப்பின் தலையைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை சாய்த்தால் டீ கிளையை விட்டு உருவிக்கொண்டு வரும். அடியில் உள்ள ரிங் அந்தச் சின்ன சாய்வைத் தாங்கும். அப்புறம் டீயை மேலே தூக்கி எடுக்கலாம்.

டீயின் கீழ் முனையில் இருந்த ரிங்கைப் பார்த்ததும் ஏப்ரல் ரிப்பேர் ஏன் பத்து நாள்தான் தாங்கியது என்று புரிந்தது. கருப்பாகக் கிரீஸ். வண்டி ஒர்க்‌ஷாப்பில் வாங்கிப் பூசியிருக்கிறார். ரிங் கொழகொழவென்று இருந்தது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்பவில்லை. அதே கம்பெனியின் புது ரிங்கைப் பக்கத்தில் வைத்தேன். பழையதை வெட்டி நேராக நீட்டிப் பார்த்தால் புதியதைவிட ஒரு விரல் அகலம் நீளமாக இருந்தது. இயற்கை ரப்பர் மினரல் எண்ணெயைக் குடித்து ஊதும். ஊதிய ரிங் காடியில் அடங்காது, அலை அலையாக நெளிந்து நிற்கும், இறுக்கமும் போய்விடும். மாட்டும்போது கிரீஸ் லூப்ரிகண்டைவிட நன்றாகவே வழுக்கும், அதுதான் ஆபத்து. அன்றைக்குப் பார்த்தால் வேலை சுத்தமாக இருக்கும். கிரீஸ் மட்டும் இல்லை, இன்ஜின் ஆயில், டீசல், வாசலின் எல்லாம் இதே கதைதான். தேங்காய் எண்ணெயையும் நான் அனுமதிப்பதில்லை. கம்பெனி லூப்ரிகண்ட் சோப்பு வகையைச் சேர்ந்தது, தண்ணீரில் கழுவினால் போய்விடும். டப்பா கிடைக்காத ஊரில் சாதாரண சோப்பைக் கெட்டியாகக் கரைத்து எடுத்துக்கொள்ளலாம், ரப்பருக்கு ஒன்றும் ஆகாது. சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் தடவிய உடனே இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரியில் போட்ட முதல் ரிங்கை வீட்டுக்காரர் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். மண்டிக்காரர் எதையும் எறிய மாட்டார். அதில் ஒரு இடத்தில் சுருண்டு நசுங்கிய தழும்பு, சுற்றிலும் சாம்பல் நிறத் தூள். பக்கத்திலேயே கிரானைட் பாலிஷ் பட்டறை இருக்கிறது. அந்தத் தூள் காடிக்குள் உட்கார்ந்து, ரிங் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

திரும்ப மாட்டியது

நீளப் பைப்பை மாற்றவில்லை. சாக்கெட் நன்றாக இருந்தது, நுனியும் உடையவில்லை. அதன் ஒரே குறை நீளம்தான்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தரைத்தள டீயின் வாயிலிருந்து, நீளப் பைப்பின் தலைச் சாக்கெட்டின் வாய் நிற்க வேண்டிய இடம் வரை டேப் பிடித்தால் 2,655 மி.மீ. டீயின் உள் ஆழம், வாயிலிருந்து அடியில் முட்டும் இடம் வரை, 62 மி.மீ. இந்த ஆழம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒவ்வொரு முறையும் ஸ்கேலை உள்ளே விட்டு அளந்தே ஆக வேண்டும். இரண்டையும் கூட்டினால் 2,717. பழைய பைப் சரியாக அந்த நீளம்தான் இருந்தது, அதாவது அண்ணன் ஆழத்தைக் கூட்டி வெட்டியிருக்கிறார். வெட்டும்போதே 10 மி.மீ.-ஐக் கழிக்கவில்லை. இழுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். இரண்டு டீயும் நகராத இடத்தில் இழுத்தாலும் பைப் போக இடமில்லை, தலைச் சாக்கெட் மாடி டீயை இடித்துவிடும். இந்த மாதிரி நடுத்துண்டில் இடைவெளியை வெட்டும்போதே விட வேண்டும். நாங்கள் நுனியில் 10 மி.மீ. வெட்டி 2,707 ஆக்கினோம்.

இதற்கு எதிர்த் தவறும் உண்டு. வாய்க்கு வாய் 2,655 அளந்து அதையே வெட்டிவிட்டால், நுனி டீக்குள் இறங்கவே இறங்காது. தலையைக் கொஞ்சம் கீழே இழுத்து, ரிங்கைத் தொடும் அளவுக்கு வைத்து ஒப்பேற்றுவார்கள். மேலே காற்றுப் பைப்பில் பார்த்தது கிட்டத்தட்ட அதுதான், வந்த வழிதான் வேறு.

வெட்டிய முனையைக் குறுக்கே நேராக இருக்கிறதா என்று காகிதம் சுற்றிப் பார்த்து, அரத்தால் சுற்றிலும் சரிவாகச் சீவினோம். ஏறக்குறைய 15 டிகிரிச் சாய்வு, முனையில் கனத்தில் பாதி மிஞ்சும்படி. 3.2 மி.மீ. கனத்துக்கு அது 6 மி.மீ. நீளச் சரிவாக வரும். சரிவு இல்லாத முனை ரிங்கை முன்னால் தள்ளிக்கொண்டு போகும், லூப்ரிகண்ட் எவ்வளவு போட்டாலும். சீவிய தூளைத் துடைத்த பிறகு, தரைத்தள டீயின் பழைய ரிங்கையும் எடுத்து எறிந்துவிட்டு, காடியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டுப் புது ரிங்கை வைத்தோம். காடிக்குள் லூப்ரிகண்ட் போகக் கூடாது. ரிங்கின் முதுகு காடியில் ஊன்றி நிற்க வேண்டும், அங்கேயும் வழுக்கினால் ரிங் பைப்போடு நகர்ந்துவிடும். தடவ வேண்டியது ரிங்கின் உள் உதட்டிலும், நுனியில் சரிவிலிருந்து பாதி ஆழம் வரையிலும்தான்.

தடவிய நுனியைக் கீழே வைக்காதே என்று உதவிக்கு நின்ற பையனிடம் இரண்டு முறை சொன்னேன். இந்த ஊர்த் தூசியில் லூப்ரிகண்ட் பட்ட நுனி ஒரு நிமிஷத்தில் உப்புத்தாள் ஆகிவிடும்.

இறக்கி, முட்டவிட்டு, வாயோரம் கோடு போட்டு, திருகி 10 மி.மீ. இழுத்தோம். அப்புறம் தலையை லேசாகச் சாய்த்து மாடி டீயைக் கிளையில் ஏற்றி, அதன் கீழ் முனையைச் சாக்கெட்டில் இறக்கினோம். டீயின் முனையை முழுதாகவே இறக்கலாம். பக்கத்திலேயே பைப்பை இறுக்கிப் பிடிக்கப் போகிறோம் என்பதால் அங்கே நகர்வு இல்லை. நேராக்கிய பிறகு கீழே கோட்டை மறுபடி அளந்தால் 9 ஆகியிருந்தது. சாய்த்து நிமிர்த்தும்போது இது நடக்கும், கடைசியில் ஒரு முறை அளக்காமல் கிளாம்பு போடக் கூடாது. 10-க்குக் கொண்டுவந்தோம்.

கிளாம்பில்தான் பழைய வேலையின் இன்னொரு ஓட்டை. எல்லாக் கிளாம்பும் ஒரே இறுக்கம், தலைச் சாக்கெட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பைப் எங்கே நிற்க வேண்டும், எங்கே நகர வேண்டும் என்று யாரோ சொல்ல வேண்டும் அல்லவா? சாக்கெட்டுக்கு நேர் கீழே ஒரு இறுக்கமான கிளாம்பு, அது பைப்பின் தலையைப் பிடிக்கிறது. நடுவில் இன்னொன்று, பைப் உள்ளே வழுக்கும் அளவுக்குத் தளர்வாக, சுவரை விட்டு விலகாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறது. தலை நின்றுவிட்டால் நீட்சி முழுக்க கீழே இடைவெளிக்குள் போகும். இது இல்லாவிட்டால் 10 மி.மீ. விட்டும் பயனில்லை, ஒரு வருஷத்தில் பைப் தன் எடையிலேயே இறங்கி இடைவெளியை மூடிக்கொள்ளும்.

காற்றுப் பைப்புக்கு ஒரு புது நீளம் போட்டோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சோதனை

ரிங் காடியில்தான் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்க ஒரு வழி உண்டு. மெல்லிய இரும்புப் பட்டை ஒன்றைச் சாக்கெட் வாய்க்கும் பைப்புக்கும் நடுவே விட்டு, ரிங்கைத் தொடும் ஆழத்தைச் சுற்றிலும் ஆறேழு இடத்தில் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே ஆழம் என்றால் ரிங் நேராக இருக்கிறது. ஒரு இடத்தில் அதிகமாகப் போனால் அங்கே ரிங் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. பட்டையின் முனை மழுங்கியதாக இருக்கட்டும், ரிங்கைக் கீறிவிடக் கூடாது. எங்களுக்குச் சுற்றிலும் ஒரே ஆழம் வந்தது.

பிறகு சேம்பரில் அடைப்பான் வைத்து, தரைத்தளக் கிளையையும் அடைத்து, மாடிக் கழிப்பறை மட்டம் வரை தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் விட்டோம். மொட்டை மாடி வரை நிரப்பக் கூடாது, இது அழுத்தம் தாங்கும் பைப் இல்லை. சொட்டு இல்லை. ஆனால் இந்த வீட்டில் காலை சோதனைக்கு மதிப்பு கிடையாது, பழைய பைப்பும் காலையில் ஒழுகவில்லையே. அதனால் மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி நிரப்பினோம். நூலும் பிடித்தோம். பைப் நேராக இருந்தது, டீ சாயவில்லை, கீழே கோடு டீயின் வாயை நோக்கி நகர்ந்திருந்தது.

வீட்டுக்காரரிடம் கோட்டை அழிக்க வேண்டாம், பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் டேப் ஒட்டச் சொல்லிவிட்டு வந்தேன். 26 டிகிரியில் 10 மி.மீ. விட்டால், 16 டிகிரிக் குளிரில் இடைவெளி 12 ஆகவும், 60 டிகிரி வெயிலில் மூன்றரையாகவும் ஆக வேண்டும் என்பது என் கணக்கு. இதே வேலையை மே மாத மத்தியானத்தில் செய்திருந்தால் 10 விட்டிருக்க மாட்டேன். சூட்டில் நீண்டு நிற்கும் பைப் அப்புறம் சுருங்கத்தான் போகிறது, 5 மி.மீ. போதும்.

ஜனவரியில் அந்தப் பக்கம் போனபோது காலை ஏழு மணிக்கு ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பைப் 16 டிகிரி, கோடு வாயிலிருந்து 12 மி.மீ. ஏப்ரல் கடைசியில் வீட்டுக்காரரின் மகன் மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்கேலோடு படம் எடுத்து அனுப்பினார். நாலுக்குக் கொஞ்சம் குறைவு.